ஆர்டிகிள்ஷிப் ரெஸ்யூமேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் ஆடிட் வேலைக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம், சிஏ படிப்பில் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி முடித்த பிள்ளைகளின் ரெஸ்யூமேக்கள் ஒரு கட்டாக என் மேஜைக்கு வந்துவிடும். பத்தைப் படித்துவிட்டால் பதினோராவதில் என்ன இருக்கும் என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். சீனியரின் ரெஸ்யூமேயை வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவது நம் தொழிலில் வழிவழியாக வரும் பழக்கம். நானும் அப்படித்தான் அனுப்பினேன், அதற்கான பலனையும் அனுபவித்தேன். எழுத்துப்பிழை, நான்கு பக்க நீளம், பொழுதுபோக்குப் பட்டியல் இதையெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

ஆடிட்டின் பெயரை எழுதிவிட்டு, தன் வேலையை எழுதாமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ‘கையாண்ட பணிகள்’ என்று ஒரு தலைப்பு. கீழே ஸ்டாட்யூட்டரி ஆடிட், டாக்ஸ் ஆடிட், இன்டர்னல் ஆடிட், வங்கி ஆடிட், ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்று ஒரு வரிசை. கொஞ்சம் துணிச்சல் உள்ளவர் ‘பல நிறுவனங்களின் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டை நடத்தினேன்’ என்று எழுதுவார். நடத்தியது யார்? கையெழுத்துப் போட்டவர் பார்ட்னர், திட்டம் போட்டது மேனேஜர். இவர் அதில் ஒரு மூலையில் ஏதோ செய்திருக்கிறார். அந்த மூலை எது என்பதுதான் எனக்கு வேண்டும், அது மட்டும் ரெஸ்யூமேயில் இருக்காது.

என் முதல் ரெஸ்யூமேயில் ‘வங்கிக் கிளை ஆடிட்’ என்று பெருமையாக ஒரு வரி இருந்தது. உண்மையில் அந்தக் கிளையில் நான் செய்தது, நகைக்கடன் கோப்புகளைப் பார்த்ததும் சில கடன்களின் வட்டியைத் திரும்பக் கணக்குப் போட்டதும்தான். நேர்காணலில் எதிரே இருந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோன கணக்கைச் சிஸ்டம் வாராக்கடனாகக் காட்டவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” அதைப் பார்த்தது எங்கள் சீனியர். நான் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார், அங்கேயும் அதே கதை. வட்டிக் கணக்கு என்று எழுதியிருந்தால் வட்டியைப் பற்றிக் கேட்டிருப்பார், அரைமணி நேரம் பேசியிருப்பேன். பெரிய வார்த்தையை எழுதியதால், தெரியாத கேள்வியை நானே வரவழைத்துக்கொண்டேன்.

இதன் இன்னொரு முகம் கூச்சம். ‘வவுச்சிங்’ என்று எழுதினால் கேவலம் என்று நினைத்து மறைத்துவிடுகிறார்கள். வவுச்சிங் செய்யாமல் யாரும் ஆடிட்டர் ஆனதில்லை. எதை வவுச் செய்தீர்கள், என்ன கிடைத்தது என்று எழுதத் தெரியாததுதான் குறை.

போன வருஷம் ஒரு தம்பி வந்தார். ரெஸ்யூமேயில் ‘ஸ்டாட்யூட்டரி ஆடிட் – உற்பத்தி நிறுவனங்கள்’ என்று ஒரே வரி. நிராகரிக்கிற மனநிலையில்தான் இருந்தேன். சும்மா கேட்டுவைத்தேன்: “ஏதாவது ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போய் என்ன செய்தீர்கள்?”

அவர் சொல்லச் சொல்ல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. மார்ச் 31 அன்று சரக்கிருப்பு எண்ணும்போது இவர் அங்கே இருந்திருக்கிறார். பட்டியலில் இருந்து 25 பொருளை எடுத்துக் கிடங்கில் தேடிப் பார்த்திருக்கிறார். அப்புறம் கிடங்கில் கண்ணில் பட்ட 15 பொருளைப் பட்டியலில் தேடியிருக்கிறார். முதல் வழியில் இல்லாத சரக்கு மாட்டும், இரண்டாம் வழியில் கணக்கில் வராத சரக்கு மாட்டும். பாதிப் பேர் முதல் வழியோடு நிறுத்திவிடுவார்கள். இவர் ஏன் இரண்டும் தேவை என்று காரணத்தோடு சொன்னார்.

அடுத்து சொன்னதுதான் முக்கியம். அந்தக் கம்பெனிக்கு வங்கியில் 12 கோடி ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு. நடப்புச் சொத்துகளை ஈடாக வைத்து வாங்கும் வரம்பு வருஷத்தில் எந்த நேரத்திலாவது 5 கோடியைத் தாண்டினால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த அறிக்கைகள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் சொல்லியாக வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் காரோ 2020 ஆணையில், சரக்கிருப்பு பற்றிய பிரிவின் இரண்டாம் பகுதி அது. அந்த வேலை இந்தத் தம்பியிடம் வந்திருக்கிறது.

செப்டம்பர் காலாண்டில் புத்தகத்தில் இருந்த சரக்கு மதிப்பு, வங்கிக்குக் கொடுத்ததைவிட 84 லட்சம் அதிகம். அதில் 60 லட்சம், பாதி வேலையில் நின்ற சரக்குக்குத் தொழிற்சாலைச் செலவைப் புத்தகத்தில் ஏற்றி, வங்கி அறிக்கையில் ஏற்றாததால் வந்தது. மீதி 24 லட்சம், ஜாப் ஒர்க்குக்கு வெளியே போயிருந்த சரக்கு. வெளியே கிடக்கும் சரக்கை வங்கி கணக்கில் எடுக்காது என்பதால் கம்பெனி அதை அறிக்கையில் காட்டவே இல்லை. வாடிக்கையாளர் பாக்கியிலும் ஒரு பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கிறது. விசாரித்தால், வங்கி அறிக்கையில் 90 நாளுக்கு உட்பட்ட பாக்கி மட்டும் இருந்திருக்கிறது. புத்தகத்தில் இருந்த பழைய பாக்கியைப் பிரித்து எடுத்ததும் இரண்டும் ஒத்துப்போய்விட்டன. எது உண்மையான வித்தியாசம், எது ஒப்பிட்ட விதத்தால் வந்த வித்தியாசம் என்று பிரித்துப் பார்க்க இரண்டு வருஷ ஆர்டிகிளுக்குத் தெரிந்திருக்கிறது! இதைத்தான் ‘ஸ்டாட்யூட்டரி ஆடிட்’ என்று இரண்டு சொல்லில் புதைத்து வைத்திருந்தார்.

அன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து அந்த வரியைத் திருத்தினோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும், பொருளைத் தமிழில் தருகிறேன்:

‘வார்ப்பட உற்பத்தி நிறுவனம், ஸ்டாட்யூட்டரி ஆடிட், நான்கு பேர் குழு. என் பகுதி: சரக்கிருப்பு, நடைமுறை மூலதனக் கடன். ஆண்டிறுதி இருப்பு எண்ணலில் கலந்துகொண்டு 40 பொருள்களை இரு திசையிலும் சோதித்தேன். வங்கிக்குத் தந்த நான்கு காலாண்டு அறிக்கைகளையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் காரணவாரியாகப் பிரித்தேன். என் ஒப்பீட்டுத் தாள் காரோ இணைப்பில் வந்த அட்டவணைக்கு அடிப்படை.’

இந்த ஐந்து வாக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். என்ன தொழில், எத்தனை பேரில் ஒருவர், எந்தப் பகுதி இவருடையது, கையால் என்ன செய்தார், அது கடைசியில் எந்தத் தாளில் போய் உட்கார்ந்தது. இதில் எதைப் பிடித்துக் கேட்டாலும் அவருக்குப் பதில் தெரியும். 84 லட்சம் என்ற தொகையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது கிளையண்டின் தகவல், உங்கள் சாதனை அல்ல. 40 பொருள், நான்கு காலாண்டு என்பவை உங்கள் வேலையின் அளவு, அவை இருக்கலாம்.

எல்லாப் பணியையும் இப்படி விரிக்க இடம் இருக்காது. மூன்றை மட்டும் விரியுங்கள், மீதியை ஒரே வரியில் அடுக்கிவிடுங்கள். எந்த மூன்று என்று திகைத்தால் பழைய ஒர்க்கிங் பேப்பர்களை மனதில் ஓட்டிப் பாருங்கள். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் உங்கள் இனிஷியல் எதில் இருந்தது, சீனியர் எதற்காகத் திருப்பி அனுப்பினார் என்று நினைவு வரும். திரும்பி வந்த தாள்தான் நேர்காணலில் நன்றாகப் பேச வரும். ஆர்டிகிள்ஷிப் இன்னும் முடியவில்லையா? வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் நான்கு வரி எழுதிவையுங்கள், கிளையண்ட் பெயர் இல்லாமல்.

கிளையண்ட் பெயர்

எழுதாதீர்கள். எங்களிடம் வேலைக்கு வந்தாலும் நாளைக்கு எங்கள் கிளையண்ட் பெயரையும் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று தோன்றும்.

ஆடிட் வேலைக்கும் கம்பெனி ஃபைனான்ஸ் வேலைக்கும் ஒரே தாள்

கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நீங்கள் எத்தனை வவுச்சர் பார்த்தீர்கள் என்பது பொருட்டே இல்லை. நீங்கள் கேள்வி கேட்ட அந்த அறிக்கையை, நாளை அங்கே தயாரிக்கப் போவதே நீங்கள்தான். அதனால் அதே வேலையை மறுபக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். மேலே சொன்ன தம்பி கம்பெனிக்கு விண்ணப்பித்தால், வங்கி அறிக்கை எப்படித் தயாராகிறது, எந்தச் சரக்கும் எந்தப் பாக்கியும் அதில் சேராது, கடன் எடுக்கும் அளவு அதிலிருந்து எப்படி வருகிறது என்று தெரியும் என்பதை முன்னால் கொண்டுவர வேண்டும். காரோ பின்னால் போகலாம்.

டாக்ஸ் ஆடிட்டும் அப்படித்தான். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தாமதமாகக் கொடுத்த பணத்தை 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுக்காகப் பட்டியல் போட்டிருப்பீர்கள். ஆடிட் அலுவலகத்துக்கு ‘உத்யம் சான்றிதழை வைத்து நடுத்தர நிறுவனங்களையும் வியாபாரிகளையும் நீக்கி, மீதியைச் சோதித்தேன்’ என்று எழுதுங்கள். கம்பெனிக்கு எழுதும்போது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவை வைத்து ஆண்டிறுதிக்கு முன்பே யாருக்குப் பணம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியும் என்று காட்டுங்கள். அவர்களுக்கு அதுதான் காசு.

‘எக்செல் – அட்வான்ஸ்டு’

XLOOKUP தெரிந்ததற்கு இந்தப் பட்டம் வேண்டாம். GSTR-2B-யையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும்போது, ஒரே பில் எண்ணை இரண்டு பேர் இரண்டு விதமாக அடித்திருந்தால் எப்படிப் பொருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

அட்டெம்ப்ட்டை மறைப்பது

மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கப் போகிறோம். மறைத்து என்ன பயன்?

தேதி

ஆர்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருஷம், பழைய திட்டத்தில் மூன்று. எந்தத் திட்டத்தில் சேர்ந்தீர்களோ அதன்படி, படிவம் 108-இல் இருக்கும் தேதிகளை அப்படியே போடுங்கள். நடுவில் ஆபீஸ் மாறியிருந்தால் இரண்டையும் காட்டுங்கள். ஒருவர் முதல் அலுவலகத்தில் இருந்த ஐந்து மாதத்தை இரண்டாம் அலுவலகத்தோடு சேர்த்து எழுதியிருந்தார். முதல் இடத்தில் பிரின்சிபலோடு ஒத்துவரவில்லையாம், நியாயமான காரணம்தான். நேரில் சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். சான்றிதழைச் சரிபார்க்கும்போது தெரிந்ததால், அவர் எழுதிய மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.