மூன்று பிட் மரம்: சூடோ எல்ஆர்யு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஷ் சிமுலேட்டர் எழுதிப் பழகும் ஒரு தம்பி போன வாரம் தன் நிரலை அனுப்பியிருந்தார். அதில் பிட்டைப் புரட்டும் `b0 ^= 1` என்ற வரியைப் பார்த்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. நானும் அதே வரியை எழுதி அவமானப்பட்டவன்தான்.

கேஷில் இடம் இல்லாதபோது, தொட்டு அதிக நேரமான லைனை வெளியேற்றுவது எல்ஆர்யு. அதையே சில பிட்டுகளை வைத்துத் தோராயமாகச் செய்வது சூடோ எல்ஆர்யு. முதலில் வந்த இன்டெல் 486-ஐ எடுத்துக்கொள்வோம். 8 கேபி கேஷ், 16 பைட் லைன், 128 செட், செட்டுக்கு நான்கு வே, அதாவது லைன் உட்கார நான்கு இடம். செட் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிட் உண்டு. `b0` மரத்தின் உச்சி: அடுத்து வெளியேற வேண்டிய லைன் இடது ஜோடியில் (வே 0, 1) இருந்தால் 0, வலது ஜோடியில் (வே 2, 3) இருந்தால் 1. இடது ஜோடிக்குள் யார் என்பதை `b1` சொல்லும், வலது ஜோடிக்குள் யார் என்பதை `b2` சொல்லும். ஒரு வேயைத் தொட்டால், அந்த வழியில் உள்ள இரண்டு பிட்டும் அதற்கு எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும்.

பிட்டைப் புரட்டுவது

"எதிர்ப்பக்கம் காட்ட வேண்டும்" என்பதை "புரட்ட வேண்டும்" என்று படித்துவிடுகிறோம். கேட்ட லைன் கேஷில் இல்லாமல் மிஸ் ஆகும்போது இரண்டும் ஒன்றேதான். பிட்டுகள் காட்டிய வேயில்தான் புது லைன் ஏறுகிறது, ஆகவே புரட்டினாலே எதிர்ப்பக்கம் வந்துவிடும். மிஸ் மட்டுமே வரும் சோதனையில் இந்தத் தவறு தலைகாட்டாததற்குக் காரணம் இதுதான்.

ஹிட் வந்தால் கதை வேறு. அ, ஆ, இ, ஈ என்ற லைன்கள் வரிசையாக வே 0 முதல் 3 வரை ஏறியதாக வைப்போம். சரியான மரம் இப்போது 000 நிலையில் இருக்கும், வெளியேற வேண்டியது அ. மறுபடி ஈ-யைத் தொட்டால் பிட்டுகள் ஏற்கெனவே ஈ-க்கு எதிர்ப்பக்கம்தான் காட்டுகின்றன, எதுவும் மாறக்கூடாது. புரட்டினாலோ `b0`, `b2` இரண்டும் 1 ஆகி, இப்போதுதான் தொட்ட ஈ-யையே வெளியேறச் சொல்லும்.

என் கதை இதைவிடக் கேவலம். 10 கேபி அணியை 4 பைட் 4 பைட்டாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். செட்டுக்கு ஐந்து லைன், ஆக மொத்தம் 640. அசல் எல்ஆர்யுவில் ஒவ்வொரு சுற்றிலும் 640 மிஸ் வந்தது. என் மரத்தில் 256 மட்டும்! தோராயம் அசலைத் தோற்கடித்துவிட்டது என்று குழுவில் ஸ்லைடு போட்டே காட்டினேன்.

நடந்தது இதுதான். ஒரு லைனில் நான்கு முறை படிக்கிறேன், நான்கு முறையும் பிட் புரள்கிறது, கடைசியில் பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. மரம் எப்போதும் 000. ஆகவே எல்லா வெளியேற்றமும் வே 0-வில்தான். மற்ற மூன்று வேயும் உறைந்துபோய், அவற்றில் இருந்த லைன்களுக்குச் சும்மா ஹிட் கிடைத்துக்கொண்டிருந்தது. மீதி இரண்டு லைன் வே 0-வுக்காக மாறி மாறி அடித்துக்கொண்டன. 128 செட்டுக்கு இரண்டிரண்டு மிஸ், அதுதான் 256. சரியான மரம் இதே அணியைப் படிக்கும்போது ஓரிரு சுற்றுக்குள் எல்ஆர்யு போலவே 640-க்கு வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போனது. எந்த வேயில் எத்தனை வெளியேற்றம் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

தொட்ட வேயின் எண் `w` என்றால், சரியானது இவ்வளவுதான்:

```c
b0 = (w < 2);
if (w < 2) b1 = (w == 0);
else       b2 = (w == 2);
```

பிட்டுகளை வயது வரிசையாக நம்புவது

நான்கு லைனை வயதுப்படி அடுக்க 24 விதம் உண்டு, அதைக் குறிக்கக் குறைந்தது 5 பிட் வேண்டும். மூன்று பிட்டுக்கு எட்டு நிலைதான். அப்படியானால் ஒவ்வொரு நிலைக்குள்ளும் மூன்று வரிசை ஒளிந்திருக்கிறது. மரம் காட்டும் லைன் அவற்றில் இரண்டில் உண்மையிலேயே மிகப் பழையது, மூன்றாவதில் அதற்கு அடுத்தது. அதற்கு மேல் தவறாது: கடைசியாகத் தொட்ட இரண்டு லைன் ஒருபோதும் வெளியேறாது.

தவறுவதற்கு ஒரே ஒரு ஹிட் போதும். மேலே சொன்ன 000 நிலையில் அ-வைத் தொடுங்கள். மிகப் பழையது ஆ, ஆனால் மரம் இ-யைக் காட்டும். ஆ தப்பியது அ-வுக்குப் பக்கத்து வீடு என்பதால் மட்டுமே. ஒவ்வொரு மிஸ்ஸுக்கு முன்பும் அ-வைத் தொட்டுக்கொண்டே இருந்தால், ஆ-வை யாரும் தொடாமலேயே அது காலத்துக்கும் உட்கார்ந்திருக்கும். "நான்கு புது லைன் வந்தால் பழையதெல்லாம் போய்விடும்" என்ற கணக்கு தொடர்ச்சியாக நான்கு மிஸ் வந்தால் மட்டுமே செல்லும், நடுவில் ஹிட் புகுந்தால் செல்லாது.

காலி வே இருக்கும்போதே மரத்தைக் கேட்பது

486 முதலில் காலி லைனைத்தான் நிரப்பும், நான்கும் நிரம்பிய பிறகே பிட்டைப் பார்க்கும்.

தொடாத ஜோடியின் பிட்டைத் தொடுவது

வேண்டாம்.