சப்ளையருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு: ஒரு சீருடைத் தையலகத்தின் ஜூன் மாதக் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் சிறு தையலகம் நடத்துகிறேன். மே மாதம் துணி எடுத்துத் தைக்கிறோம், பள்ளி திறக்கும்போது சரக்கைக் கொடுக்கிறோம், பணம் முழுவதும் கைக்கு வர ஜூன் கடைசி ஆகிவிடுகிறது. கோடவுன் தெருவில் துணி கொடுப்பவரோ முப்பது நாள் கெடுதான் தருகிறார். இந்த இடைவெளியை வட்டிக்குக் கடன் வாங்காமல், துணி கொடுப்பவரின் முகம் சுளிக்காமல் எப்படித் தாண்டுவது என்பதற்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன். எண்கள் ஒரு ஜூன் மாதத்துக்கான மாதிரி. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கெடு எந்த நாளிலிருந்து என்று கேட்டு எழுதுங்கள்

முப்பது நாள் என்றால் பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா? மே 11 தேதியிட்ட பில்லுக்கான துணி என் கடைக்கு மே 15இல் வந்திருக்கலாம். அவர் கணக்கில் ஜூன் 10இல் பணம் வர வேண்டும், என் கணக்கில் ஜூன் 14. இந்த நான்கு நாளில்தான் முதல் மனக்கசப்பு தொடங்கும். அவருடைய கணக்குப்பிள்ளையிடம் ஒரு முறை கேட்டு, பில்லின் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். எங்கள் துணிக்கடையில் பில் தேதிதான் கணக்கு.

படி 2: வரவையும் செலவையும் ஒரே தாளில், தேதி வரிசையில்

இதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். பல கணக்குச் செயலிகள் தர வேண்டியதைத் தனிப் பட்டியலாகவும் வர வேண்டியதைத் தனிப் பட்டியலாகவும் காட்டுகின்றன. எந்த நாளில் கை வறண்டுபோகும் என்பது இரண்டையும் கலந்து பார்த்தால்தான் தெரியும். ஐந்து பத்திகள் போடுங்கள்: A தேதி, B விவரம், C வரவு, D செலவு, E இருப்பு. E2இல் மாதத் தொடக்க இருப்பு. E3இல் இது:

```
=E2+C3-D3
```

இதைக் கீழே இழுத்துவிடுங்கள். வேறொரு கட்டத்தில் மாதத்தின் மிகக் குறைந்த இருப்பைக் காட்ட:

```
=MIN(E2:E40)
```

ஒரு எச்சரிக்கை. புதிய வரி சேர்த்துத் தேதிப்படி வரிசைப்படுத்தும்போது, மூன்றாம் வரி முதல் A இலிருந்து D வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். E பத்தியும் சேர்ந்து நகர்ந்தால் சூத்திரங்கள் வேறு வரிகளைக் காட்டத் தொடங்கிவிடும். இருப்பு பார்ப்பதற்கு ஒழுங்காகவே தெரியும், ஆனால் தப்பாக இருக்கும். கடைசி வரியின் இருப்பு, தொடக்க இருப்போடு மொத்த வரவைக் கூட்டி மொத்தச் செலவைக் கழித்ததற்குச் சமமா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வரவு எழுதும்போது, வாடிக்கையாளர் சொன்ன தேதியை எழுதாதீர்கள், வழக்கமாகப் பணம் வரும் தேதியை எழுதுங்கள். ஒரு பள்ளி 8ஆம் தேதி என்று சொல்லும், தாளாளர் கையெழுத்துப் போட்டுக் காசோலை கைக்கு வர எப்போதும் 12 ஆகும் என்றால், 12தான் உங்கள் தேதி.

இனி ஜூன் மாதத்தைப் பார்ப்போம். தொடக்க இருப்பு ரூ.85,000. 5ஆம் தேதி வாடகை 18,000. சனிக்கிழமைதோறும், அதாவது 6, 13, 20, 27 தேதிகளில், தையல்காரர்களுக்குக் கூலி 28,000. 7ஆம் தேதி இயந்திரக் கடன் தவணை 11,500. 8ஆம் தேதி நூல், பட்டன் கடைக்கு 22,000. 10ஆம் தேதி துணிக்கு 1,60,000. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 14,000. 28ஆம் தேதி மின்கட்டணம் 9,000. வரவு மூன்றுதான்: எம்.சி. ரோடு கடையிலிருந்து 9ஆம் தேதி 60,000, முதல் பள்ளி 12ஆம் தேதி 1,10,000, இரண்டாம் பள்ளி 24ஆம் தேதி 1,40,000.

எல்லாவற்றையும் அதனதன் கெடுவில் கட்டினால் 10ஆம் தேதி மாலை இருப்பு ரூ.94,500 குறைவில் நிற்கிறது. மாதக் கடைசியிலோ 48,500 மிச்சம் இருக்கிறது. ஆகப் பணம் பற்றாத மாதம் இல்லை இது, தேதிகள் பொருந்தாத மாதம். தேதிகளை மாற்றினால் தீரும். மாதக் கடைசியிலும் குறைவு வந்தால் இந்த முறை உதவாது, அப்போது விலையையோ கொள்முதல் அளவையோதான் தொட வேண்டும்.

படி 3: எதை நகர்த்தக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கூலியைத் தொடவே கூடாது. சனிக்கிழமை கூலி தவறினால் திங்கட்கிழமை அந்தத் தையல்காரர் வேறு கடையில் உட்கார்ந்திருப்பார், சீருடைக் காலத்தில் அவருக்கு எங்கும் வேலை உண்டு. வங்கித் தவணையும் அப்படியே.

ஜிஎஸ்டியைத் தள்ளிப்போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு வசூலில் இருக்கிறது. வரி கட்டும் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி முந்தைய மாதத்துக்குத் தாக்கல் ஆகாமல், விற்பனைப் பில்களைக் காட்டும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அது போடாவிட்டால் எம்.சி. ரோடு கடைக்காரருக்கு என் பில்லின் உள்ளீட்டு வரி வரவு தெரியாது. அவர் என் பணத்தை நிறுத்திவைப்பார், நிறுத்துவதில் நியாயமும் இருக்கிறது.

சிறிய சப்ளையர்களையும் நகர்த்தாதீர்கள். நூல் கடைக்காரருக்கு 22,000 ரூபாய் என்பது அடுத்த சரக்கு எடுக்கும் முதல். ஒரு நிற நூல் தீர்ந்து இயந்திரம் நிற்கும்போது போனில் சொன்னால் பையனிடம் கொடுத்தனுப்புபவர் அவர்தான். எனவே காத்திருக்கச் சொல்வதற்கு வசதி உள்ளவர் ஒருவரிடம் மட்டும் பேசுவது என் வழக்கம். இந்த மாதத்தில் அது துணி மொத்த வியாபாரி.

படி 4: கெடுவுக்கு முன்பே பேசுங்கள், தொகையோடும் தேதியோடும்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். 1,60,000ஐ மூன்றாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது?

முதல் பகுதி கெடு நாளிலேயே போக வேண்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. 9ஆம் தேதி இருப்பு 65,500. நாற்பதாயிரம் கொடுத்தால் என்ன? மீதி 25,500. முதல் பள்ளியின் காசோலை 12ஆம் தேதி வராமல் போனால் 13ஆம் தேதி கூலிக்கு 2,500 குறையும். ஆகவே முப்பதாயிரம். அப்போது பள்ளி தாமதித்தாலும் கூலி கொடுத்துவிட்டு 7,500 மிஞ்சும். இரண்டாவது பகுதி 50,000, ஜூன் 16: பள்ளிப் பணம் வர வேண்டிய நாளுக்குப் பிறகு நான்கு நாள் இடைவெளி. மூன்றாவது 80,000, ஜூன் 26. தாளில் போட்டுப் பாருங்கள்: 20ஆம் தேதி கூலியும் ஜிஎஸ்டியும் போன பிறகு இருப்பு 25,500. 26ஆம் தேதி துணிப் பணம் முடிந்த பிறகு 85,500. மாதம் முழுவதும் ஒரு நாளும் குறைவில் போகவில்லை.

இதை அவரிடம் 3ஆம் தேதியே சொல்லிவிட வேண்டும். அவரும் மில்லுக்குக் கட்ட வேண்டியவர், அவரிடமும் ஒரு தாள் இருக்கிறது. ஒரு வாரம் முன்பு தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்வார், 10ஆம் தேதி மாலை தெரிந்தால் என்ன செய்வார்? முதலில் போனில் பேசிவிட்டு, அதே நாளில் எழுத்திலும் அனுப்புகிறேன்:

"ஐயா, வணக்கம். மே 11 பில் எண் 318, ரூ.1,60,000. பள்ளிகளிலிருந்து பணம் 12, 24 தேதிகளில் வருகிறது. ஜூன் 10இல் ரூ.30,000, 16இல் ரூ.50,000, 26இல் ரூ.80,000 அனுப்புகிறேன். இது முடியும்வரை புதிய சரக்குக்குக் கடன் கேட்க மாட்டேன். உங்களுக்கு இது ஒத்துவருமா?"

கடைசிக்கு முந்தைய வரி முக்கியம். பாக்கி ஏறிக்கொண்டே போகுமோ என்பதுதான் அவருடைய பயம், அதை அந்த வரி தீர்க்கிறது. அவர் 16ஆம் தேதிக்கு 70,000 வேண்டும் என்றால், ஆமாம் என்று சொல்வதற்கு முன் தாளைப் பாருங்கள். 20ஆம் தேதி 5,500தான் மிஞ்சும். அந்த அளவுக்கு நெருக்கினால் மீறிவிடுவோம் என்று வெளிப்படையாகச் சொல்வது, ஒப்புக்கொண்டு தவறுவதைவிட நல்லது.

படி 5: பின்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள்

என் விருப்பம் நெட்பேங்கிங்கில் தேதி குறித்து வைக்கும் நெஃப்ட் பரிமாற்றம். குறிப்புப் பகுதியில் பில் எண்ணை எழுதுங்கள், பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யுடிஆர் எண்ணை அவருக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை பழைய பில் ஏதாவது ஒன்றில் வரவு வைத்துவிடுவார்.

காசோலையில் முன்பு ஒரு நாள் அவகாசம் இருந்தது. இன்று போட்டால் நாளை கழியும், அதற்குள் பணத்தைக் கட்டிவிடலாம் என்று பலரும் ஓட்டினார்கள். 2025 அக்டோபர் 4 முதல் அது போய்விட்டது. பகல் நேரத்தில் வந்து சேரும் காசோலைகள் உடனுக்குடன் அனுப்பப்பட்டு, அன்று மாலை 7 மணிக்குள் முடிவு சொல்லப்படுகின்றன. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி நோட்டீஸ் வரலாம், அது வந்த 15 நாளில் பணம் கட்டாவிட்டால் வழக்கு. வழக்கு வராவிட்டாலும் அந்தத் தெருவில் பேச்சு பரவிவிடும். பள்ளி தரும் காசோலையும் இப்போது அதே வேகத்தில் கழிகிறது என்பது நமக்கு லாபம், ஆகவே வாங்கிய அன்றே மதியத்துக்குள் வங்கியில் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை

சட்டைப் பையில் பள்ளிச் சின்னம் போடும் எம்பிராய்டரி யூனிட்டுக்கும் இப்படித் தவணை கேட்கலாமா என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்து, உற்பத்தியோ சேவையோ செய்பவர் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அந்தக் கெடு தாண்டியும் மார்ச் 31இல் பாக்கி நின்றால், அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால் என் துணிக்கடை இதில் வரவில்லை. உங்கள் சப்ளையரின் உத்யம் சான்றிதழில் அவருடைய தொழில் வகை இருக்கும், ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், மூன்று தவணையும் சரியாகக் கட்டிய பிறகும் கடைக்காரர் 4,200 ரூபாய் பாக்கி காட்டுகிறார் என்றார். கறை இருந்ததால் திருப்பி அனுப்பிய துணியின் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் அவர்களின் கணக்கில் ஏறாமல் இருந்திருக்கிறது. கடைசித் தவணை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு உங்கள் பெயரில் உள்ள கணக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கி, பில், திருப்பிய சரக்கு, கட்டிய தொகை மூன்றையும் வரிக்கு வரி சரிபார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.