சாரலையும் தாங்கும் வாசல் வளையம்: காய்ந்த பூ, ரிப்பன், மணி கொண்டு செய்யும் முறை

காய்ந்த பூ அலங்காரம் நம் பக்கத்தில் கெட்டுப்போவதற்குக் காரணம் அது பழையதாவது அல்ல. காற்றிலிருந்து மறுபடி ஈரத்தைக் குடித்துக்கொள்வதுதான். திருநெல்வேலி, பாளையங்கோட்டையில் ஆனி ஆடியில் காற்றுதான் அடிக்கும்; மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வரும். தென்காசி, செங்கோட்டை, குற்றாலத்திலோ ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழையின் சாரலும் வந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு வருடத்தில் இரண்டு ஈரக்காலம். அதனால் இங்கே செய்யும் வளையத்துக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். ஈரம் அதிகம் குடிக்காத பூ, துருப்பிடிக்காத கட்டு, தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கொத்துகள்.

செங்கோட்டையில் இருக்கும் என் அத்தை வீட்டு வாசலுக்குச் செய்த வளையத்தையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன். “வாசலில் வட்டமாகப் பூவைக் கட்டித் தொங்கவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்று அத்தை முதலில் தயங்கினார். நியாயமான கேள்விதான். முழு வட்டத்தையும் பூவால் அடைத்தால் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற வளையத்தின் சாயல் வந்துவிடுகிறது. அதற்காகவே மேல் பகுதியை ரிப்பனோடு வெறுமையாக விட்டு, கீழ்ப்பகுதியில் மட்டும் பூ வைத்து, தோரணம் போல மணிச்சரம் தொங்கவிட்டோம். வேலையும் குறைந்தது.

பூவைத் தேர்ந்தெடுப்பது

முதல் இடம் வாடாமல்லிக்கு. அதில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் செதில். செடியில் இருக்கும்போதே அதில் நீர் மிகக் குறைவு. விரலால் உருட்டிப் பார்த்தால் சரசரக்கும். காய்ந்த பிறகும் உருவம் பெரிதாக மாறாது, நிறமும் நிற்கும். இரண்டாவது கோழிக்கொண்டை. ஆனால் சேவல் கொண்டை போலத் தடித்து மடிந்த வகை வேண்டாம். அதன் மடிப்புகளுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கதிர் போல நீண்டு நிற்கும் மெல்லிய வகை நல்லது. இடைவெளியை நிரப்பக் காய்ந்த பனங்குருத்தோலையை விரல் நீளத்துக்குக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

ரோஜா, மல்லிகை, செவ்வந்தி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சிலிக்கா மணலில் புதைத்துக் காயவைத்த ரோஜா கண்ணைப் பறிக்கும். ஆனால் வெளிவாசலில் ஒரு சாரல் நாளுக்கு அது தாங்காது. நெற்கதிரும் அழகுதான், குருவிகள் விட்டுவைக்காது.

முப்பது சென்டிமீட்டர் அகல வளையத்துக்கு எழுபத்தைந்து வாடாமல்லிப் பூக்கள் போதும். பனி உலர்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் பறியுங்கள். அடிப்பக்கச் செதில்கள் பழுப்பாகத் தொடங்கிய பூவை எடுக்காதீர்கள். காய்ந்ததும் அது உதிர்ந்துவிடும்.

பூக்கடையில் வாங்கினால் காம்பில்லாத உதிரிப்பூதான் கிடைக்கும். அதற்குக் கம்பிக் காம்பு செருக வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி இதற்கு மிகப் பொருத்தம், துருப்பிடிக்காது. இரும்புக் கம்பி ஒரே மழைக்காலத்தில் பூவிலும் கதவிலும் கறை வைத்துவிடும். கம்பியைப் பூவின் அடியிலிருந்து குத்தி உச்சி வழியே வெளியே எடுங்கள். நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கொக்கி பூவுக்குள் மறையும்வரை கீழே இழுங்கள். பூ பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். காய்கிறபோது பூ சுருங்கிக் கம்பியைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு குத்தினால் பூ உடையும்.

காயவைப்பது

காம்புள்ள பூ என்றால் இலைகளை உருவிவிட்டு, எட்டு பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நூலால் கட்டினால், காம்பு சுருங்கியதும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வெயில் படாத, காற்றோடும் இடம் வேண்டும். பழைய வீட்டு மச்சு இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். நிறமும் அதே வேகத்தில் போய்விடும். வறண்ட நாட்களில் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் பங்குனி, சித்திரையிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

கோழிக்கொண்டையைக் காய்ந்ததும் ஒரு தாளின் மேல் தட்டுங்கள். பளபளக்கும் கறுப்பு விதைகள் பொலபொலவென்று கொட்டும். அவை போகும்வரை தட்டுங்கள், விதை இருந்தால் பூச்சி வரும்.

முழுதாகக் காய்ந்ததா என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வெளிச்செதில் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். உலர்ந்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் ஐந்தாறு பூவைப் போட்டு, மூடியை இறுக்கி ஓர் இரவு வையுங்கள். காலையில் பாட்டிலை அரை மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். உட்புறக் கண்ணாடியில் ஆவி படர்ந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும். கண்ணாடி தெளிவாக இருந்து, காம்பும் வளையாமல் ‘டக்’கென்று ஒடிந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

பூச்சு

நிறமில்லாத, மினுமினுப்பு இல்லாத அக்ரிலிக் ஸ்ப்ரே பெயின்ட் கடைகளில் கிடைக்கும். பூவையும் ஓலையையும் முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்து மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். இடையில் அரை மணி நேரமாவது காயட்டும். முகக்கவசம் அணிந்து மொட்டை மாடியில் செய்யுங்கள். அருகில் நெருப்பு கூடாது. மழைமூட்டமான நாளில் அடித்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும்.

இந்தப் பூச்சு ஈரம் ஏறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நேரடியாக மழை பட்டால் காப்பாற்றாது. பாதி காய்ந்த பூவின் மேல் அடித்தாலோ நிலைமை இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பாட்டில் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரிப்பனும் மணியும்

ரிப்பன் பாலியெஸ்டர் சாட்டினாக இருக்க வேண்டும். பருத்தியும் சணலும் ஈரம் குடித்துக் கரும்புள்ளி போடும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைப் பற்றவைத்துப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான முண்டாகும்; பருத்தி சாம்பலாகும். வெட்டிய ஓரத்தை எரியும் ஊதுபத்தி முனையால் மெல்லத் தடவினால் நூல் பிரியாது.

மணியில் கண்ணாடி மணிதான் கவலையற்றது. முலாம் பூசிய உலோக மணி கறுக்கும். உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் விரைவாக. சாயம் போட்ட மர மணி ஊதிச் சாயம் விடும். வாங்கியதும் ஒரு ரிப்பன் துண்டையும் இரண்டு மணிகளையும் ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். குன்றிமணி கோக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அதன் விதை கடும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மணிகளைத் தூண்டில் நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள். நரம்பு வழுக்கும் என்பதால் மூன்று முடிச்சு போட்டு, நுனியை ஊதுபத்தியால் உருக்கிச் சிறு உருண்டையாக்கிவிடுங்கள்.

வளையம் கட்டுவது

அரை அங்குல ஹோஸ் பைப் 94 சென்டிமீட்டர் வெட்டினால் முப்பது சென்டிமீட்டர் அகல வட்டம் கிடைக்கும். உள்ளே இறுக்கமாக நுழையும் பிளாஸ்டிக் குச்சித் துண்டால் இரு முனைகளையும் இணைத்து, மேலே டேப் சுற்றுங்கள். பிறகு முழு வட்டத்தையும் ரிப்பனால் சரிவாகச் சுற்றுங்கள். பிரம்பு வளையமும் பயன்படும், அதற்கு வார்னிஷ் பூச வேண்டும். ஹோஸ் பைப்புக்கு அந்த வேலை இல்லை.

ஐந்து வாடாமல்லி, ஒரு கோழிக்கொண்டைக் கதிர், இரண்டு ஓலைக் கீற்று. இவற்றைச் சேர்த்துச் செம்புக் கம்பியால் கட்டினால் ஒரு கொத்து. வால் போல எட்டு சென்டிமீட்டர் கம்பியை மீதி விடுங்கள். இப்படிப் பன்னிரண்டு கொத்து கட்டுங்கள். வளையத்தின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில் பத்துக் கொத்துகள் போகும், இரண்டு உபரி. ஒரு பக்கத்தில் தொடங்கி ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைத்து, முந்தைய கொத்தின் காம்பை அடுத்ததன் பூ மறைக்கும்படி கம்பி வாலைப் பின்னால் முறுக்குங்கள்.

சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம். மேற்குப் பார்த்த கதவில் மாலை வெயிலுக்கு அந்தப் பசை இளகும். ஒட்டிய கொத்தைச் சேதமில்லாமல் கழற்றவும் முடியாது. முறுக்கிய கம்பி என்றால் ஒரு நிமிட வேலை. கடைசியாக அடியில் மூன்று மணிச்சரம், மேலே ஒரு ரிப்பன் முடிச்சு.

மாட்டுவதும் எடுத்துவைப்பதும்

வளையத்தின் பின்புறம் மூன்று இடங்களில் ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ரப்பர் துண்டு ஒட்டிவிடுங்கள். கதவோடு ஒட்டிக் கிடந்தால் பின்பக்கம் காற்றில்லாமல் அங்கேதான் முதலில் பூஞ்சை வரும். கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கு ஏற்றுவதற்கு முன் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். காய்ந்த பூ சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அத்தை வீட்டு வளையத்தில் ஆடிச் சாரலுக்குப் பிறகு, சாரல் தெறிக்கும் பக்கத்து இரண்டு கொத்துகள் மட்டும் தளர்ந்து கீழே சாய்ந்தன. செதிலைத் தொட்டால் சரசரப்பு இல்லை. அந்த இரண்டையும் கழற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவைத்ததும் மறுபடி விறைத்துக்கொண்டன. அதுவரை உபரிக் கொத்துகள் வாசலில் இருந்தன. கறுப்போ வெள்ளையோ புள்ளி விழுந்த கொத்தை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள், குப்பைக்குப் போகட்டும்.

சீசன் முடிந்ததும் முழு வளையத்தையும் அப்படித்தான் வைக்க வேண்டும். 35 சென்டிமீட்டர் சதுர டப்பாவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். நீல நிறத்தில் கிடைப்பதில் கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் அது பச்சையாகும். சமையலுக்குப் பயன்படாத பழைய தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்தால் ஆரஞ்சு திரும்பும். அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக் மணிகளை அது இளக்கிவிடும்.

டப்பாவின் அடியில் காபித்தூள் போலத் துகள் கிடந்தால் வண்டு புகுந்திருக்கிறது. கொத்துகளைக் கழற்றிப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே கவரைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த பூவின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்துவிடும். கவரின் வெளிப்புற வேர்வை தானே உலரும்வரை, அதாவது அரை நாள், அப்படியே விட்டுவைத்துப் பிறகு பிரியுங்கள்.