ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: டீஎல்டி போடுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

பர்மாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் நம்மவர்கள் பலருக்கு, தினமும் டீஎல்டி மாத்திரை போட்டு வைரஸ் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். சிடி4-ம் நன்றாக ஏறியிருக்கும். அப்படி இருப்பவர்களும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார்கள். எச்.ஐ.வி. இருந்தால் ஊசி ஆகாது என்று யாரோ சொன்னதுதான் காரணம். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதனால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் போடலாம். தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகளுக்குத்தான் சிடி4 200-க்குக் கீழே இருந்தால் தடை.

அதற்காக நேரே மருந்துக் கடைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதும் தவறு. முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும். டீஎல்டியில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கிவைக்கும். உங்களுக்கு அந்தத் தொற்று ஏற்கெனவே இருந்தாலும் கல்லீரல் பரிசோதனை சரியாகவே காட்டலாம். என்றாவது மாத்திரையை நிறுத்திவிட்டாலோ, டெனோஃபோவிர் இல்லாத வேறு மருந்துக்கு மாற்றினாலோ, அடங்கிக் கிடந்த வைரஸ் எழும்பி கல்லீரலைக் கடுமையாகத் தாக்கலாம். ‘எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறதா’ என்பது தெரியாமல் மருந்து மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரங்கூனில் இருக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிடி4 520. முன்பு தெரிந்த கம்பவுண்டரிடம் மூன்று ஊசி போட்டுக்கொண்டார், மூன்றும் இடுப்புக்குக் கீழே பிட்டத்தில். ‘போட்டாச்சு, முடிஞ்சது’ என்று விட்டுவிட்டார். இப்போது மூன்று பரிசோதனை எடுக்கிறார். வைரஸின் மேலுறை ஆன்டிஜன் இல்லை, அதாவது தொற்று இல்லை. மையப்பகுதிக்கான ஆன்டிபாடியும் இல்லை, அதாவது முன்பு தொற்று வந்து போகவும் இல்லை. ஆனால் பாதுகாப்பு தரும் மேலுறை ஆன்டிபாடி வெறும் 6. அது குறைந்தது 10 இருந்தால்தான் பாதுகாப்பு.

மூன்று ஊசி போட்டும் ஏன் ஏறவில்லை? பிட்டத்துக் கொழுப்பில் இந்த ஊசி சரியாகச் சேராது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும். இரண்டாவது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வழக்கமான 20 மைக்ரோகிராம் பல நேரம் போதாது. அவருக்கு இந்தமுறை இரட்டை அளவு, அதாவது 40 மைக்ரோகிராம், தோளில், 0, 1, 6-ஆம் மாதங்களில் போடப்படுகிறது. மூன்றாவது ஊசிக்கு மூன்று மாதம் தாமதமாக வந்தார். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்த்தபோது ஆன்டிபாடி 180. இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் ஊசி பிடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவருக்கு மேலுறை ஆன்டிஜன் இருந்திருந்தால் ஊசியால் பயன் இல்லை. கல்லீரல் சிகிச்சை, டெனோஃபோவிரை விடாமல் தொடர்வது, இதுதான் வழி. மையப்பகுதி ஆன்டிபாடி மட்டும் தனியாக இருந்தால் ஒரு ஊசி போட்டு ஆன்டிபாடி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

அப்புறம் மருந்து கெட்டுப்போவது. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். சூட்டைவிட உறைவதுதான் இதற்குப் பெரிய ஆபத்து. கடையில் வாங்கி ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்து எடுத்துப் போனால் உறைந்து வீணாகும், பார்த்தால் தெரியாமலும் போகலாம். உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் செதில் செதிலாகச் சீக்கிரம் அடியில் படியும். அடிக்கடி மின்சாரம் போகும் பேட்டையில் குளிர்பெட்டியை நம்பி ஊசியை வீட்டில் வைக்கவே வேண்டாம். போடும் இடத்திலேயே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட நான்கு வாரத்துக்குள் வைரஸ் லோடு எடுக்க வேண்டாம். கொஞ்ச நாள் லேசாக ஏறிக் காட்டலாம், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லையோ என்று பதறத் தேவையில்லை.

ஆன்டிபாடி 10-ஐத் தொடும்வரை ரத்தம் படும் இடங்களில் கவனம் வேண்டும். கோயிலில் முடியிறக்கும்போது புது பிளேடு பிரித்துப் போடச் சொல்லுங்கள். அலகு குத்திக்கொள்வதானால் வேல் உங்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும், முன்னமே ஆட்டோகிளேவில் சுத்தப்படுத்தியதாக இருக்க வேண்டும். உலர்ந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தது போதாது. வீட்டில் ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி எதையும் பகிர வேண்டாம். மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் பரிசோதித்து ஊசி போடச் சொல்லுங்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. இல்லையென்றால் வழக்கமான அளவே போதும்.