ஒரு மசால் தோசையின் மேக்ரோ கணக்கு: மாவு முதல் சாம்பார் வரை

மசால் தோசைக்கு எத்தனை கலோரி என்று செயலிகளில் தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வந்து நிற்கும். எல்லாமே யாரோ ஒருவருடைய அடுப்பில் சுட்ட தோசைக்கான எண்கள். அந்தத் தோசையில் எத்தனை கரண்டி மாவு, எவ்வளவு எண்ணெய், பக்கத்தில் சட்னி இருந்ததா என்பது நமக்குத் தெரியாது. ஆகவே நம் வீட்டுத் தோசையை நாமே கணக்கிடுவதுதான் சரி. ஒரு சமையல் தராசு போதும். ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால், அளவுகளை மாற்றாதவரை அதே எண்களை எப்போதும் பயன்படுத்தலாம்.

மேக்ரோ என்பது மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. இங்கே மாவுச்சத்து என்று சொல்வதெல்லாம் நார்ச்சத்தைக் கழித்தபின் உள்ள அளவு.

1. மாவு

அரைத்த மாவுக்கு நேரடியாகக் கணக்குப் போட முடியாது. எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஊறவைக்கும் முன் அரிசியையும் உளுந்தையும் எடை போடுங்கள். அரைத்து உப்புச் சேர்த்தபின் மொத்த மாவையும், பாத்திரத்தின் எடையைக் கழித்து, எடை போடுங்கள்.

இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம், அரைத்தபின் மாவு 1250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அரிசியில் ஏறத்தாழ 312 கிராம் மாவுச்சத்தும் 30 கிராம் புரதமும் இருக்கும். உளுந்தில் 51 கிராம் மாவுச்சத்தும் 23 கிராம் புரதமும் இருக்கும். கூட்டினால் 363, 53. இதை 1250 கிராமுக்குப் பங்கிட்டால் 100 கிராம் மாவில் 29 கிராம் மாவுச்சத்து, 4 கிராம் புரதம், கொழுப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கலோரி 135.

புளிப்பதால் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. மாவு பொங்கும்போது பருமன் கூடுகிறதே தவிர எடை கூடுவதில்லை. அதனால்தான் கரண்டிக் கணக்கு காலை வாரிவிடும்: பொங்கி நுரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்தால் எடை குறைவாக இருக்கும், கலக்கி அடங்கிய மாவில் அதே கரண்டி கனக்கும். மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு மாவை மொண்டு எடுங்கள். குறைந்த எடைதான் கல்லில் விழும் மாவு. நம் தோசைக்கு 100 கிராம்.

சுட்ட தோசையை எடை போட்டு மாவின் எண்களால் பெருக்காதீர்கள். கல்லில் தண்ணீர் ஆவியாகி எடை குறைந்திருக்கும், அரிசியும் உளுந்தும் அப்படியே இருக்கும். முறுகலான தோசை லேசாக இருப்பதால் கலோரி குறைவு என்று நினைப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

2. எண்ணெய்

முழுக் கணக்கும் தடம் புரளும் இடம் இது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 4.5 கிராம், ஏறத்தாழ 40 கலோரி. ஆனால் தோசை ஓரத்தில் எண்ணெய் விடும்போது யாரும் தேக்கரண்டியால் அளப்பதில்லை. கிண்ணத்திலிருந்து சின்னக் கரண்டியால் சுற்றி விடுகிறோம், நடுவில் கொஞ்சம், ஓரம் தூக்காவிட்டால் இன்னும் கொஞ்சம். எளிய வழி ஒன்று உண்டு. சுடத் தொடங்கும் முன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கரண்டியோடு எடை போடுங்கள். எல்லாத் தோசையையும் சுட்டு முடித்தபின் மறுபடியும் எடை போடுங்கள். 6 தோசைக்கு 54 கிராம் குறைந்திருந்தால், தோசைக்கு 9 கிராம். இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன். 9 கிராம் கொழுப்பு, 81 கலோரி. உருளைக்கிழங்கு வைக்கும் முன்பே தோசை 216 கலோரிக்கு வந்துவிட்டது.

3. உருளைக்கிழங்கு மசால்

நான்கு தோசைக்கு: வேகவைத்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு 400 கிராம், வெங்காயம் 100 கிராம், கடலைப்பருப்பு 10 கிராம், தாளிக்க எண்ணெய் 3 தேக்கரண்டி. கடுகு, மஞ்சள்தூள், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மொத்தத்தில் மாவுச்சத்து 74 கிராம், புரதம் 10, கொழுப்பு 14.5. தண்ணீர் விட்டு எவ்வளவு தளர்த்தினாலும் இந்த மொத்தம் மாறாது. வெந்த மசாலை எடை போட்டு நான்கு சம பாகமாக்குங்கள். ஒரு பாகத்தில் மாவுச்சத்து 18.5, புரதம் 2.5, கொழுப்பு 3.6 கிராம். 117 கலோரி.

உருளைக்கிழங்கு என்றால் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 100 கிராம் கிழங்கு தருவது ஏறத்தாழ 75 கலோரி. தோசை ஓரத்தில் விட்ட எண்ணெய் அதைவிட அதிகம்.

4. தேங்காய்ச் சட்னி

துருவிய தேங்காய் 100 கிராமில் கொழுப்பு 33 கிராமுக்கு மேல். அதன் 15 கிராம் மாவுச்சத்தில் 9 கிராம் நார்ச்சத்து, ஆக 6 கிராம்தான் மிச்சம். இதோடு பொட்டுக்கடலை 25 கிராம், தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், தண்ணீர் சேர்த்து 250 கிராம் சட்னி வந்தால், ஐந்தில் ஒரு பங்கான 50 கிராமில் கொழுப்பு 8, மாவுச்சத்து 3.6, புரதம் 1.8 கிராம். 92 கலோரி. சட்னியை இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும்போது அதையும் எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

5. ஒரு கரண்டி சாம்பார்

துவரம்பருப்பு 100 கிராம், காய் 200 கிராம், புளி, சாம்பார் பொடி, எண்ணெய் 2 தேக்கரண்டி. இறக்கும்போது மொத்தம் 1200 கிராம். 100 கிராம் பிடிக்கும் ஒரு குழம்புக் கரண்டியில் மாவுச்சத்து 6.7, புரதம் 2.3, கொழுப்பு 1 கிராம், 45 கலோரி. பருப்பு அடியில் தங்கும் என்பதால் அடிவரை கலக்கிவிட்டு மொள்ளுங்கள். மேலாக எடுத்த தெளிவில் இந்தப் புரதம் இருக்காது.

6. கூட்டல்

தோசை 216, மசால் 117, சட்னி 92, சாம்பார் 45. மொத்தம் 470 கலோரி. மாவுச்சத்து 58 கிராம், புரதம் 11, கொழுப்பு 22. சரிபார்க்க, 58-ஐயும் 11-ஐயும் நான்கால், 22-ஐ ஒன்பதால் பெருக்கிக் கூட்டுங்கள்: 474. மூன்று எண்களையும் முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம் இது. 30, 40 கலோரி இடித்தால் ஏதோ ஒரு பொருளை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். பெரும்பாலும் தாளித்த எண்ணெயாக இருக்கும்.

22 கிராம் கொழுப்பில் 9 கிராம் தோசைக்கல்லிலும் 8 கிராம் சட்னியிலும் இருக்கிறது. கலோரியைக் குறைக்க நினைப்பவர்கள் கிழங்கைத் தள்ளி வைப்பதைவிட, எண்ணெயைப் பாதியாக்கி 40 கலோரி குறைக்கலாம். நன்றாகக் காய்ந்து பழகிய இரும்புக் கல்லில் அது முடியும். புரதம் கூட வேண்டுமென்றால் சாம்பாரை இரண்டு கரண்டியாக்குவது பெரிதாக உதவாது, 2.3 கிராம்தான் கூடும். அதே 1200 கிராம் சாம்பாருக்குப் பருப்பை 150 கிராமாக்கினால் ஒவ்வொரு கரண்டியிலும் ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் கூடும். அதற்கும் மேல் வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வேகவைத்த முட்டை வைத்துக்கொள்ளலாம், 6 கிராம் கிடைக்கும்.

ஓட்டலில் சாப்பிடும்போது தராசுக்கு வழியில்லை. அங்கே மாவும் மசாலும் கூடுதலாக இருக்கலாம், ஆனால் பெரிய மாற்றம் மேலே தடவும் நெய்யிலும் வெண்ணெயிலும்தான் வரும். 10 கிராம் நெய் ஏறத்தாழ 90 கலோரி, அதே எடை வெண்ணெய் 72. நெய் ரோஸ்ட் வாங்கினால் வீட்டுக் கணக்கோடு குறைந்தது இதையாவது சேர்த்து எழுதுங்கள்.