ஒரு டாலர் குறி இல்லாததால் தலைகீழான முதலீட்டு முடிவு: எக்செல்லில் செய்து பார்ப்போம்

ஒரு தொழிற்சாலையில் புது இயந்திரம் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. பழகிக்கொள்ளட்டும் என்று அந்தக் கணக்குக் கோப்பைப் புதிதாகச் சேர்ந்த இன்டர்ன் பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் செய்ததை நீங்களும் கூடவே செய்து பாருங்கள். ஒரு காலி ஷீட் போதும்.

படி 1: எண்களை இடுங்கள்

B1-இல் 12% என்று தட்டுங்கள். இது தள்ளுபடி விகிதம். பிற்பாடு வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட இதுதான் அளவு. மூன்றாம் வரிசையில் B3 முதல் G3 வரை 0, 1, 2, 3, 4, 5 என்று வருடங்கள். அதற்குக் கீழே B4-இல் -1000, C4 முதல் G4 வரை 250. அதாவது இன்று 1000 போட்டால் ஐந்து வருடங்களுக்கு வருடம் 250 வரும்.

படி 2: அந்தக் கோப்பில் இருந்தபடியே ஃபார்முலா

B5-இல் முதல் வரியை எழுதி, G5 வரை வலப்பக்கம் இழுத்துவிடுங்கள். மற்ற இரண்டும் B6, B7-க்கு.

```
=B4/(1+B1)^B3
=SUM(B5:G5)
=IF(B6>0,"வாங்கலாம்","வேண்டாம்")
```

B6-இல் 250 வரும், B7 "வாங்கலாம்" என்று சொல்லும். B6-இல் இருப்பதுதான் நிகர தற்போதைய மதிப்பு. அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் முதலீடு லாபம் என்பது விதி. அலுவலகக் கோப்பில் ஐந்தாம் வரிசையை மடித்து மறைத்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு விடை மட்டும்தான் தெரியும்.

படி 3: விகிதத்தை மாற்றிப் பாருங்கள்

அவள் எந்த ஃபார்முலாவையும் படிக்கவில்லை. B1-இல் 12%-ஐ 20% ஆக்கினாள், அவ்வளவுதான். விகிதம் ஏறினால் நிகர மதிப்பு இறங்கியாக வேண்டும். B6 அதே 250-இல் நின்றது. 40% போட்டாள், அப்போதும் 250.

"மேடம், ரேட்டை எவ்வளவு மாத்தினாலும் விடை அசையவே மாட்டேங்குது."

"முதல் கட்டத்தை நான் கையால போட்டுப் பார்த்தேனேம்மா, சரியாத்தானே வந்துச்சு?"

மேலதிகாரி சொன்னது உண்மைதான். முதல் கட்டத்தில் வருடம் 0. 0 தவிர எந்த எண்ணையும் 0 அடுக்குக்கு உயர்த்தினால் 1 என்பதால், விகிதம் என்னவாக இருந்தாலும் அங்கே -1000 சரியாகவே வரும். மாதிரிக்கு ஒரு கட்டத்தைச் சோதிப்பதென்றால் முதல் கட்டத்தை விட்டுவிட்டுக் கடைசிக் கட்டத்தை எடுங்கள்.

இன்னொன்று: விகிதத்தை 0 ஆக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் இந்தப் பிழை அதில் சிக்காது. 0-க்குச் சரியான விடையே 250 ஆயிற்றே!

படி 4: பிழையை நேரில் பாருங்கள்

மடித்திருந்த வரிசையை விரித்து, அவள் G5-ஐத் தேர்ந்து F2 அழுத்தினாள். ஃபார்முலா எந்தெந்தக் கட்டங்களைத் தொடுகிறதோ அவற்றைச் சுற்றி வண்ணக் கட்டம் தோன்றும். உங்கள் ஷீட்டிலும் பாருங்கள்:

```
=G4/(1+G1)^G3
```

G1 காலி. வலப்பக்கம் இழுக்கும்போது B4 எப்படி G4 ஆனதோ அப்படியே B1-உம் G1 ஆகிவிட்டது. காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் காட்டாது. ஆக ஐந்து வருடப் பணமும் தள்ளுபடியே இல்லாமல் முழுசாகக் கூட்டப்பட்டிருக்கிறது.

படி 5: திருத்துங்கள்

B1-இல் மறுபடி 12% போடுங்கள். B5-இல் F2 அழுத்தி, B1 மேல் கர்சரை வைத்து F4-ஐ ஒருமுறை தட்டினால் டாலர் குறிகள் சேரும். இனி எங்கே இழுத்தாலும் B1 அப்படியே நிற்கும். அப்புறம் திரும்ப G5 வரை இழுங்கள்.

```
=B4/(1+$B$1)^B3
```

C5 இப்போது 223.21, G5 வெறும் 141.86. B6-இல் -98.81. B7 "வேண்டாம்" என்று மாறிவிட்டது.

படி 6: வேறு வழியில் சரிபாருங்கள்

மேலதிகாரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எக்செல்லின் சொந்தச் செயல்பாட்டில் போட்டுக் காட்டச் சொன்னார், அது நியாயமும்கூட.

```
=B4+NPV(B1,C4:G4)
=IRR(B4:G4)
```

முதலாவதில் அதே -98.81 வரும். B4-ஐ NPV அடைப்புக்குள் சேர்த்துவிடாதீர்கள். NPV தன்னிடம் கொடுக்கும் முதல் தொகையையே ஒரு வருடம் கழித்து வருவதாக நினைத்துக்கொள்ளும், விடை -88.22 ஆகிவிடும்.

இரண்டாவது, அதாவது முதலீடு தானாக ஈட்டும் விகிதம், சுமார் 7.93%. நிறுவனம் எதிர்பார்ப்பது 12%. இந்த ஒரு எண்ணை ஆரம்பத்திலேயே பக்கத்தில் வைத்திருந்தால், 250 லாபம் என்ற விடை யாருக்கும் உறுத்தியிருக்கும்.

கொள்முதல் நிறுத்தப்பட்டது. அதே விற்பனையாளரிடம் விலையை 900-க்குள் கொண்டுவர முடியுமா என்று பேசிப் பார்க்கச் சொன்னார்கள். திருத்திய ஷீட்டில் B4-ஐ -900 ஆக்கிப் பாருங்கள்: B6 1.19, B7 மறுபடியும் "வாங்கலாம்".