பிட்டை ஏத்துனா மேல வந்துடலாம்னு நினைக்காதீங்க: Google சர்ச் விளம்பர ஏலத்துல பண்ற தப்புகள்

விளம்பர அக்கவுன்ட் பாத்துத் தர்ற வேலையில நான் அடிக்கடி கேக்குற கேள்வி இதுதான்: "என்னை விட கம்மியா பிட் போடுறவன் எனக்கு மேல எப்படி நிக்கிறான்?" பிட்னா, ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வரைக்கும் தர்றேன்னு ஏலத்துல நாம சொல்ற தொகை. கேக்குறவங்க கோவத்துல நியாயம் இருக்கு, ஏலம்னா அதிகமா கேக்குறவனுக்குத்தானே பொருள் போகணும். ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, 1998-ல வந்த GoTo.com சர்ச்ல யார் அதிகமா கேட்டாங்களோ அவங்கதான் மேல. 2002-ல Google கிளிக்குக்கு காசுங்குற முறைக்கு மாறுனப்போ பிட்டோட கிளிக் விகிதத்தையும், அதாவது காட்டுனதுல எத்தனை தடவை கிளிக் ஆச்சுங்குறதையும், சேத்துப் பெருக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஆட்டமே வேற.

காரணம் ரொம்ப சிம்பிள். விளம்பரத்தைக் காட்டுனதுக்கு காசு கிடையாது, யாராவது கிளிக் பண்ணாதான் காசு. 50 தர்றேன்னு சொல்றவனோட விளம்பரத்தை யாருமே அமுக்கலன்னா அந்த 50 வெறும் பேச்சு. அதனால ஒவ்வொரு தேடலுக்கும், இந்த விளம்பரத்தை இந்த ஆள் அமுக்க எவ்வளவு வாய்ப்புன்னு சிஸ்டம் ஒரு கணிப்பு போடும், பிட்டை அதால பெருக்கும், வர்ற எண்ணை வச்சுதான் வரிசை. (நிஜத்துல தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், அமுக்குனா போய்ச் சேர்ற லேண்டிங் பேஜ், போன்ல தேடுறாங்களா கம்ப்யூட்டர்லயா, இதெல்லாமும் சேரும், முழு ஃபார்முலாவை வெளிய சொல்றதில்ல. ஆனா எலும்புக்கூடு இதுதான்.)

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், பணத்தை வெறும் எண்ணா வச்சுக்கலாம். "லேப்டாப் ஸ்கிரீன் மாத்த"ன்னு ஒருத்தர் தேடுறார், மூணு கடை போட்டி. ஏ கடை பிட் 50, ஆனா 100 தடவை காட்டுனா 2 கிளிக்தான் வரும்னு கணிப்பு. பி கடை பிட் 30, 5 கிளிக் வரும். சி கடை பிட் 20, 4 கிளிக். பெருக்குனா ஏ-க்கு 100, பி-க்கு 150, சி-க்கு 80. ஆக பி முதல் இடம், ஏ ரெண்டாவது, சி மூணாவது.

இப்ப யார் எவ்வளவு கட்டணும்? உங்க பிட்டை அப்படியே எடுத்துக்க மாட்டாங்க, உங்களுக்குக் கீழ இருக்கறவனைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பி-க்குக் கீழ இருக்கற ஏ-யோட ஸ்கோர் 100, அதை பி-யோட 5 கிளிக்கால வகுத்தா கிளிக்குக்கு 20. ஏ-க்குக் கீழ சி, ஸ்கோர் 80, ஏ-யோட 2 கிளிக்கால வகுத்தா 40. முதல் இடத்துல இருக்கறவன் கிளிக்குக்கு 20 கட்டுறான், ரெண்டாவது இடத்துல இருக்கறவன் 40 கட்டுறான்! இதை நான் வாடகைன்னு நினைச்சுக்குவேன். அந்த இடத்துக்கு 100 தடவைக்கு இவ்வளவுன்னு ஒரு வாடகை, அதை நிர்ணயம் பண்றது உங்களுக்குக் கீழ நிக்கறவன். அந்த வாடகையை உங்க கிளிக்குங்க பங்கு போட்டுக்குது, கிளிக் அதிகம்னா ஆளுக்குப் பங்கு கம்மி, அவ்வளவுதான் விஷயம்.

இதைப் புரிஞ்சுக்காம பண்ற முதல் தப்பு, கீழ போனவுடனே பிட்டை ஏத்துறது. ஏ கடை பிட்டை 80 ஆக்கிடுச்சுன்னு வைங்க. ஸ்கோர் 160, பி-யைத் தாண்டியாச்சு, முதல் இடம் கிடைச்சாச்சு. ஆனா கட்டப்போறது பி-யோட 150-ஐ 2-ஆல வகுத்தது, அதாவது கிளிக்குக்கு 75. நேத்து வரைக்கும் 40. அதுக்குப் பதிலா பிட்டைத் தொடாம 50-லயே வச்சு, விளம்பரத்தை சரிபண்ணி கணிப்பை 2-லருந்து 4-க்குக் கொண்டு வந்தா ஸ்கோர் 200, முதல் இடம், கட்டறது 150-ஐ 4-ஆல வகுத்தது, 37.50. ரெண்டாவது இடத்துக்குக் கட்டுன காசை விடக் கம்மியா முதல் இடம். மொத்த செலவு கூடும், ஏன்னா கிளிக் ரெண்டு மடங்கு, ஆனா ஒவ்வொரு கிளிக்கும் மலிவு.

2-லருந்து 4 எப்படின்னா, ஏ கடையோட விளம்பரத்தைப் பாத்தாலே தெரியும். "எல்லா வகை கம்ப்யூட்டர் சேவைகளும்"னு ஒரே தலைப்பு, அதையே ஸ்கிரீன், கீபோர்டு, வைரஸ், டேட்டா மீட்புன்னு, விளம்பரம் வரணும்னு அவங்க குடுத்த தேடல் வார்த்தைகளான எல்லாக் கீவேர்டுக்கும் காட்டுறாங்க, அமுக்குனா ஹோம் பேஜுக்குப் போகுது. ஸ்கிரீன் உடைஞ்சு போய் தேடுறவருக்கு அதுல தன்னோட பிரச்சனை எங்கயும் தெரியல. ஸ்கிரீன் சம்பந்தமான தேடல்களைத் தனி குரூப்பா பிரிச்சு, தலைப்புலயே ஸ்கிரீன் மாத்துறதைச் சொல்லி, எந்த மாடல், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆகும்னு இருக்கற பேஜுக்கே நேரா அனுப்புங்க. மாத்துன மறுநாளே விலை இறங்கலைன்னு பதறாதீங்க, கணிப்பு மாறுறதுக்குப் புது விளம்பரம் கொஞ்சம் ஓடணும்.

இன்னொரு குழப்பம், "மேல போனா கிளிக் அதிகமாகும், கிளிக் அதிகமானா தரம் ஏறும், அப்புறம் பிட்டைக் குறைச்சுக்கலாம்"ங்குற கணக்கு. இது வேலைக்கு ஆகாது. மேல இருக்கற விளம்பரத்துக்கு இடத்தாலயே கிளிக் கூடும்னு சிஸ்டத்துக்குத் தெரியும், கணிப்பு போடும்போது அந்த இடத்தோட பங்கைக் கழிச்சுட்டுதான் பாக்குது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தர்ற தப்பு இதுக்கு நேர் எதிரானது, கிளிக்குக்காக எதையும் எழுதறது. அதே ஏ கடை தலைப்புல "இலவசம்"னு போட்டுடுச்சு, உள்ள போனா இலவசம் செக்கிங் மட்டும்தான். கிளிக் 4-லருந்து 8 ஆச்சு, கிளிக் விலை 150-ஐ 8-ஆல வகுத்து 18.75. ரிப்போர்ட்ல விலை பாதியாயிடுச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. ஆனா வாடகையைப் பாருங்க, 100 தடவைக்கு அதே 150. முன்னாடி 4 கிளிக்ல ஒருத்தர் வேலை கொடுத்தார், வாடிக்கையாளருக்கு 150. இப்ப 8 கிளிக்லயும் அதே ஒருத்தர்தான்னா அதே 150, ஒரு பைசா லாபம் இல்ல. ஏமாந்துட்டோம்னு அந்த ஒருத்தரும் சில நேரம் திரும்பிப் போயிட்டா அதை விட மோசம். அதனால கிளிக் விலையை மட்டும் தனியா பாக்காதீங்க, பக்கத்துலயே ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு ஆச்சுன்னும் வச்சுப் பாருங்க.

கடைசியா, Google Ads-ல தெரியற 1-லருந்து 10 வரைக்குமான Quality Score. இதை 10 ஆக்குறதே வேலைன்னு உக்காந்திருக்கறவங்க நிறைய பேர், 5 காட்டுதேன்னு நல்லா வேலை கொடுக்கற கீவேர்டையே நிறுத்துனவங்களும் உண்டு. ஏலத்துக்குள்ள அந்த எண் போறதே இல்ல, அங்க ஒவ்வொரு தேடலுக்கும் அப்பப்போ புதுசா கணிப்பு நடக்குது. இந்த எண் ஒரு தெர்மாமீட்டர் மாதிரி. அதுக்குக் கீழ மூணு விஷயம் தனித்தனியா காட்டும் பாருங்க, எதிர்பாக்கற கிளிக் விகிதம், விளம்பரப் பொருத்தம், லேண்டிங் பேஜ் அனுபவம், அதுல எது சராசரிக்குக் கீழன்னு இருக்கோ அதைத் தொடுங்க. முதல் ரெண்டும் நல்லா இருந்து பேஜ் மட்டும் கீழன்னா, தலைப்பை எத்தனை தடவை மாத்தி எழுதுனாலும் அது நகராது, பேஜைத்தான் சரிபண்ணணும்.